பிள்ளை பெற்ற வயிறும் சிட்-அப் பயிற்சியும்

கற்பிட்டி, முந்தல், உடப்புப் பக்கத்து இளந்தாய்மார் பலர் அண்மைக்காலமாக ஒரே குறையோடு வருகிறார்கள். குழந்தை பிறந்து மாதக்கணக்காகியும் வயிறு உள்ளே போகவில்லை. கைபேசியில் பார்த்த பயிற்சிகளைச் செய்து நோவையும் தேடிக்கொண்ட பிறகுதான் வருகிறார்கள்.

ஒரு தாய்க்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து மாதம். தினமும் சிட்-அப் எடுத்திருக்கிறார். முழங்காலை மடித்து மல்லாக்கப் படுத்துத் தலையை மெல்லத் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேலே நடுவயிறு கூம்பிக்கொண்டு எழுந்தது. அந்த இடத்தில் மூன்று விரல் இறங்கியது. கர்ப்பத்தில் விலகிய தசைகள் திரும்பி நெருங்கவில்லை. இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் அது வயிற்றுத் தசை விலகல். குடலிறக்கச் சந்தேகம் இருந்தால் மட்டும் ஸ்கேன் எடுப்போம்.

"உம்மா கட்டச் சொன்னாங்க டொக்டர்"

துணியால் இறுக்கிக் கட்டினால் தசை சேராது. மூச்சு முட்டக் கட்டும்போது அழுத்தம் கீழே இறங்கும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடியிடுப்புத் தசைதான் அதைத் தாங்க வேண்டியிருக்கும். முதல் சில வாரங்களுக்கு மெல்லிய தாங்கல் துணி போதும். எண்ணெய் போட்டு வயிற்றை அமுக்கித் தேய்ப்பதாலும் இடைவெளி மூடாது.

வயிறு உப்பி நிற்பதை வாயு என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்காதீர்கள். மெலிய வைக்கும் தேயிலையைப் பாலூட்டும் தாய் தொடவே கூடாது. இதை எத்தனை முறை சொல்வது?

இந்த விலகல் சிசேரியன் ஆனவர்களுக்கு மட்டும் வருவது என்பதும் தவறு. நோர்வேயில் முதல் பிரசவமான பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விலகல் இருந்தது. ஆகவே இது உங்கள் சோம்பலால் வந்ததல்ல.

நிறுத்த வேண்டியவை, செய்ய வேண்டியவை

சிட்-அப், இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, பிளாங்க் ஆகியவற்றை இப்போதைக்கு விடுங்கள். எந்த அசைவிலும் நடுவயிறு கூம்பினால் அந்த அசைவு இன்னும் உங்களுக்கு ஆகாது.

முழங்காலை மடித்துப் படுங்கள். மூச்சை மெதுவாக விட்டபடி, சிறுநீரை அடக்குவதுபோல் அடியிடுப்பை மேலே இழுத்து, அடிவயிற்றை இலேசாக உள்ளே வாங்குங்கள். ஐந்து விநாடி பிடித்துத் தளர்த்துங்கள். பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. இது கைவந்ததும் ஒரு குதிகாலை மட்டும் பாயில் மெல்ல நீட்டி மடியுங்கள். பிறகு மற்றக் கால். சிசேரியன் என்றால் காயத்தில் நோவில்லாத அளவுக்கு மட்டும். படுக்கையை விட்டு எழும்போது நேரே எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழும்புங்கள்.

அந்தத் தாய் மூன்று மாதம் இதைச் செய்தார். இடைவெளி இரண்டு விரலானது, கூம்பு நின்றது. எல்லோருக்கும் முழுதாக மூடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வயிற்றுக்குப் பலம் திரும்பும்.

தாமதிக்காதீர்கள்

தொப்புளருகே கட்டி இறுகி நொந்து, உள்ளே போகாமல் வாந்தியும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மற்றவர்கள் ஆறாவது வாரக் கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் வயிற்றைக் காட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: தண்ணீர்க் கேனையும் மீன் பெட்டியையும் கிளினிக்கில் காட்டும்வரை பிள்ளை பெற்றவளைத் தூக்க விடாதீர்கள்.