கன்சோலுக்கு ஒரு போர்ட் போதும், டிஎம்இசட் வேண்டாம்

எக்ஸ்பாக்ஸை வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டு நண்பர்களோடு ஆன்லைனில் விளையாட உட்கார்ந்தால், சிலருக்கு ‘NAT type: Strict’ என்று திரையில் வருகிறது. தனியாக விளையாடலாம், படமும் பார்க்கலாம். ஆனால் சில நண்பர்களின் குரல் கேட்காது. சிலர் கூப்பிடும் ஆட்டத்தில் சேரவே முடியாது. விவரம் தெரிந்தவர் என்று யாரையாவது கேட்டால், “ரூட்டர்ல டிஎம்இசட்டை ஆன் பண்ணிடு, சரியாயிடும்” என்பார். பெரும்பாலும் சரியாகியும்விடும். அதனாலேயே பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ‘Strict’ ஏன் வருகிறது என்று பார்ப்போம். வீட்டில் போன், லேப்டாப், டிவி என்று பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ரூட்டரின் ஒரே ஐபி முகவரிதான். உள்ளே இருக்கும் கருவி ஒன்று வெளியே எதையாவது கேட்டால், யார் கேட்டது என்று ரூட்டர் தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்தக் கருவியிடம் சேர்க்கிறது. யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வரும் தகவலை யாருக்குத் தருவது என்று அதற்குத் தெரியாது, தூக்கிப் போட்டுவிடுகிறது. வீட்டுக்கு இது நல்ல காவல். ஆனால் பல ஆட்டங்களில் ஒருவரின் கன்சோல் இன்னொருவரின் கன்சோலை நேரடியாகக் கூப்பிடுகிறது. அந்த அழைப்பும் கேட்காமல் வந்த தகவலாகக் கருதப்பட்டு ரூட்டரிலேயே நின்றுவிடுகிறது.

இதைத் தீர்க்க ரூட்டருக்கு ஒரு விதி சொல்லித்தர வேண்டும். எக்ஸ்பாக்ஸ் இதற்கு முக்கியமாகப் பயன்படுத்துவது 3074 என்ற போர்ட். ‘3074-க்கு வருவதை மட்டும் இந்த முகவரியில் இருக்கும் கருவிக்கு அனுப்பு’ என்று எழுதிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். டிஎம்இசட்டோ, ‘யாருக்கு என்று தெரியாமல் வருவது எல்லாவற்றையும் இந்த முகவரிக்கு அனுப்பு’ என்கிறது. போர்ட் எண்கள் 65,535 வரை போகின்றன. தேவைப்பட்டது அவற்றில் ஒன்று, திறந்துவிட்டது அத்தனையும்.

நிறுவனங்களிலும் டிஎம்இசட் உண்டு. வெளியார் அணுக வேண்டிய சர்வர்களைத் தனி வலைப்பின்னலில் ஒதுக்கி, அதற்கும் அலுவலகக் கணினிகளுக்கும் நடுவே இன்னொரு தடுப்பு வைப்பார்கள். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் அந்த நடுத் தடுப்பு கிடையாது. டிஎம்இசட்டில் வைத்த கருவி, வீட்டின் மற்றக் கருவிகளோடு அதே வலைப்பின்னலில்தான் இருக்கிறது.

“கன்சோலை யார் ஹேக் செய்யப்போகிறார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கன்சோல் மூடிய அமைப்பு. வெளியிலிருந்து வரும் தட்டலுக்குப் பதில் சொல்லும் மென்பொருள்கள் அதில் குறைவு. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: டிஎம்இசட் விதி பிடித்துவைத்திருப்பது கன்சோலை அல்ல, ஒரு முகவரியை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ரூட்டர் எக்ஸ்பாக்ஸுக்கு 192.168.1.7 என்ற முகவரியைத் தந்திருக்கிறது. டிஎம்இசட் பக்கத்திலும் அதே எண் பதிவாகியிருக்கிறது. இந்த முகவரி நிரந்தரமல்ல, குறிப்பிட்ட காலத்துக்கான வாடகை. தேர்வு நேரம் என்று கன்சோலைச் சில வாரம் அணைத்துவைக்கிறார்கள். நடுவில் மின்சாரம் போய்த் திரும்புகிறது. பல ரூட்டர்கள் மறுதொடக்கத்தில் பழைய வாடகைப் பட்டியலை மறந்துவிடும். அந்த 7-ஆம் எண் இப்போது சிசிடிவியின் டிவிஆர் பெட்டிக்குப் போகிறது. டிஎம்இசட் விதி மாறவில்லை. ஆக, வாசல் கேமராவின் டிவிஆர் முழு இணையத்துக்கும் திறந்து கிடக்கிறது. எந்த எச்சரிக்கையும் வராது.

அப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடுவதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. 2016-இல் பரவிய ‘மிராய்’ இணையத்தின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் தேடியது. கையிலிருந்த 60-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைப் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளைப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்தது. அந்தக் கருவிகளைக் கொண்டுதான் அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று ‘டைன்’ நிறுவனத்தைத் தாக்கினார்கள். அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பலருக்குக் கிடைக்காமல் போயின. மிராயின் நிரல் பொதுவெளியில் வந்துவிட்டதால் அதன் வாரிசுகள் இன்றும் உலவுகின்றன. உள்ளே வந்தவருக்கு டிவிஆர் முதல் படிதான். அதே வலைப்பின்னலில் இருக்கும் லேப்டாப்பையும் அங்கிருந்து தட்டிப் பார்க்கலாம்.

இதே முகவரி மாற்றம் போர்ட் ஃபார்வர்டிங்கில் நடந்தால் என்ன ஆகும்? 3074-க்கு வரும் தகவல் டிவிஆருக்குப் போகும். சாதாரணமாக டிவிஆரில் அந்த எண்ணில் எதுவும் காத்திருக்காது, தகவல் வீணாகும். ஆட்டம் மறுபடி ‘Strict’ ஆகும், அவ்வளவுதான். ஒரு விதி தவறினால் விளையாட்டு கெடுகிறது. இன்னொரு விதி தவறினால் வீடு திறக்கிறது.

சரியான வழிக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் போதும். எக்ஸ்பாக்ஸில் Settings, General, Network settings, Advanced settings என்று போனால் அதன் மேக் முகவரி தெரியும். ரூட்டரின் பக்கத்தில் Address Reservation என்ற இடத்தில் அந்த மேக் முகவரிக்கு 192.168.1.50 போன்ற ஒரு முகவரியை ஒதுக்குங்கள். இனி அது வேறு கருவிக்குப் போகாது. பிறகு Port Forwarding அல்லது Virtual Server பக்கத்தில் வெளிப்போர்ட் 3074, உள்போர்ட் 3074, டிசிபி, யூடிபி இரண்டும், முகவரி 192.168.1.50 என்று கொடுத்துச் சேமியுங்கள். டிஎம்இசட்டை அணையுங்கள். கன்சோலை முழுவதுமாக நிறுத்தி மீண்டும் போட்டு, Network settings பக்கத்தில் Test NAT type அழுத்துங்கள். ‘Open’ வந்தால் வேலை முடிந்தது. பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் ‘Type 2’ வந்தாலே திருப்தியடையலாம். ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கன்சோலுக்கு அதுதான் இயல்பான நிலை.

இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருக்கும் வீட்டில் ஒரே போர்ட்டை இரண்டுக்கும் கொடுக்க முடியாது. Advanced settings-இல் Alternate port selection மூலம் இரண்டாவதற்கு வேறு எண் தேர்ந்து, அந்த எண்ணுக்குத் தனி விதி எழுத வேண்டும். டிஎம்இசட் இங்கேயும் உதவாது. அதில் ஒரு கருவிக்குத்தான் இடம்.

இவ்வளவு செய்தும் மாறவில்லை என்றால் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் WAN IP என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். நம் நாட்டுப் பல இணைப்புகளில் இது சகஜம். வெளியிலிருந்து வருவது உங்கள் ரூட்டரை எட்டுவதே இல்லை என்பதால் போர்ட் விதியும் பலிக்காது, டிஎம்இசட்டும் பலிக்காது. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்பதுதான் வழி. பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

டிஎம்இசட்டுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. இணைய நிறுவனம் தந்த ரூட்டருக்குப் பின்னால் உங்கள் சொந்த ரூட்டரை வைத்திருந்தால், முதல் ரூட்டரின் டிஎம்இசட்டில் இரண்டாவது ரூட்டரைப் போடலாம். காவல் வேலையை அந்த இரண்டாவது ரூட்டர் பார்த்துக்கொள்ளும்; போர்ட் விதியை அதில் எழுதினால் போதும்.

டிஎம்இசட் போட்டால் ஆட்டம் வேகமாகும் என்பதில் உண்மையில்லை. சர்வர் இருக்கும் தூரமும் வைஃபையின் நிலையும் அதனால் மாறுவதில்லை. எப்போதோ யாரோ சொல்லி டிஎம்இசட்டை ஆன் செய்தவர்கள் இன்றே ரூட்டரின் அந்தப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் எண் இப்போது எந்தக் கருவியுடையது என்று கருவிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அதை அணைத்துவிட்டு, 3074-க்கு ஒரு விதி எழுதுங்கள்.