நெல் மலிவா, ஈரம் மலிவா?

தஞ்சாவூர்ப் பக்கம் அரிசி ஆலை தொடங்கக் கடன் கேட்பவர், திட்ட அறிக்கையில் ‘மூலப்பொருள்’ என்ற தலைப்பின்கீழ் ‘டெல்டாவில் நெல் தாராளமாகக் கிடைக்கும்’ என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிடலாம். கிடைப்பது உண்மைதான். ஆனால் குறுவை நெல் செப்டம்பர், அக்டோபரில் வரும். சம்பாவும் தாளடியும் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆலைக்கோ ஆண்டு முழுக்க அரவை வேண்டும்.

மணிக்கு 2 டன் அரைக்கும் ஆலை, நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் 400 டன் நெல் தின்னும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதத்துக்கு 2,000 டன்னை அறுவடையிலேயே வாங்கிப் போட்டாக வேண்டும். கிலோ 25 ரூபாய் என்றால் 5 கோடி ரூபாய் கிடங்கில் முடங்கும். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தால், ஐந்து மாதத்தில் குவிண்டாலுக்கு 125 ரூபாய். விலை அந்த அளவுக்காவது ஏறாவிட்டால் இருப்பு வைத்தது நட்டம். எலியும் பூச்சியும் தின்றது தனிக்கணக்கு.

வாங்கும் விலையில் இன்னொரு பொறி இருக்கிறது. 2025-26 பருவத்தில் அரசு நேரடி கொள்முதல் நிலையம், ஊக்கத்தொகை சேர்த்து, சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் அறிவித்தது. ஆனால் வழக்கமான விதிப்படி 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் வாங்காது. மழை பிடித்துக்கொண்டால் ஈரநெல்லோடு நிற்கும் விவசாயி தனியார் ஆலையைத்தான் தேடி வருவார்.

அப்போது 20 சதவீத ஈர நெல்லை 2,400 ரூபாய்க்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வியாபாரி 17 சதவீத நெல்லுக்கு 2,500 கேட்கிறார். எது மலிவு? கிடங்கில் வைக்க இரண்டையும் 14 சதவீதத்துக்கு உலர்த்த வேண்டும். முதல் நெல் 100 கிலோ காய்ந்தால் 93 கிலோவாகும், இரண்டாவது 96.5 கிலோ. காய்ந்த குவிண்டாலுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது ஏறத்தாழ 2,580, இரண்டாவது 2,590. நூறு ரூபாய் லாபம் என்று நினைத்தது பத்து ரூபாய்தான். உலர்த்தும் செலவு அதையும் விழுங்கிவிடும். ஈரத்தை அவசரமாக வெயிலில் காய வைத்தால் மணியில் வெடிப்பு விழுந்து, அரவையில் குருணை கூடும். ஆகவே ஈரமானி இல்லாமல் விலை பேசக் கூடாது. கையால் பிடித்துப் பார்த்துச் சொல்லும் மதிப்பில் ஓரிரு சதவீதம் தவறுவது சாதாரணம்.

விலை ஏற்ற இறக்கத்துக்கு அறிக்கையில் ஒரு சிறு கணக்கு போதும். 100 கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி தேறும் என்று வைத்தால், நெல் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறும்போது அரிசியின் அடக்கம் ஒன்றரை ரூபாய் ஏறும். அரிசி விலையோ நெல்லோடு சேர்ந்தே நகராது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. 2024 செப்டம்பர் 28 வரை அது நீக்கப்படவில்லை. கிடங்கில் நெல் ஏற்கெனவே பழைய விலைக்கு வாங்கப்பட்டிருக்கும். அரிசியின் விலையை ஒரே உத்தரவு திருப்பிவிடும். அதனால் அறிக்கையில் நெல் 2 ரூபாய் ஏறி அரிசி அசையாத ஒரு மாதத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும்: 400 டன்னுக்கு 8 லட்சம் ரூபாய் கைவிட்டுப் போகும்.