எச்சத்தை வர்க்கமாக்கிப் பாருங்கள்

ஒரு விலைவாசிக் கணிப்பு பத்துக் காலாண்டுகளில் தவறிய அளவுகள் இவை: 0.3, −0.5, −0.4, 0.2, 2.1, −1.8, −2.4, 2.2, 0.5, −0.2. கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் எச்சம் என்கிறோம். இங்கே கூட்டினால் பூஜ்யம். ஒவ்வொரு எண்ணுக்கும் அதற்கு முந்தைய எண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு −0.18தான். கணிப்பில் குறை எதுவும் மிச்சமில்லை என்று தோன்றும்.

இப்போது ஒவ்வொன்றையும் வர்க்கமாக்குங்கள்: 0.09, 0.25, 0.16, 0.04, 4.41, 3.24, 5.76, 4.84, 0.25, 0.04. குறி மறைந்து அளவு மட்டும் நிற்கிறது. பெரிய தவறுகள் நான்கும் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. இந்த வர்க்கங்களுக்குள் ஒட்டுறவு 0.45. முந்தைய எண்ணை மட்டும் வைத்து அடுத்த தவறு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பெரிதாக இருக்குமா, சிறிதாக இருக்குமா என்பதை ஓரளவு சொல்லலாம். இதற்குப் பெயர்தான் ஆர்ச் விளைவு.

இதை 1982இல் ஒரு கட்டுரையில் முறைப்படுத்தியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் எங்கிள். வர்க்கங்களைப் பார்க்கும் யோசனை நண்பர் கிளைவ் கிராஞ்சரிடமிருந்து கிடைத்தது. 2003இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எங்கிள் எடுத்துக்கொண்டது பிரிட்டனின் பணவீக்கம், 1958 முதல் 1977 வரை, காலாண்டு வாரியாக.

சோதனை எளிது. முதலில் வழக்கமான தொடர்புப்போக்குச் சமன்பாட்டைப் பொருத்தி எச்சங்களை எடுக்க வேண்டும். அவற்றை வர்க்கமாக்கி, இந்தக் காலாண்டின் வர்க்கத்தை முந்தைய காலாண்டுகளின் வர்க்கங்களால் விளக்கும் இரண்டாவது சமன்பாட்டைப் பொருத்த வேண்டும். அது எவ்வளவு விளக்குகிறது என்பதை R² சொல்லும். அதைத் தரவுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் சோதனை எண் கிடைக்கும். பின்னால் எத்தனை காலாண்டு பார்த்தோமோ, அத்தனை கட்டின்மைப் படிகள் கொண்ட கை-வர்க்க அட்டவணையோடு அதை ஒப்பிட வேண்டும். ஆர்ச் விளைவே இல்லை என்றால் அந்த எண் சிறிதாகவே இருக்கும்.

எங்கிள் முதலில் ஒரே ஒரு காலாண்டு பின்னால் பார்த்தார். குறிப்பிடத்தக்க எதுவும் அகப்படவில்லை. நான்கு காலாண்டு பின்னால் பார்த்தபோது சோதனை எண் 15.2 வந்தது. நான்கு படிகளுக்கு 5 விழுக்காட்டு எல்லை 9.49, 1 விழுக்காட்டு எல்லை 13.28, இரண்டையும் தாண்டிவிட்டது. சுமார் 75 தரவுகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் R² ஏறத்தாழ 0.2. அதாவது வர்க்கங்களின் ஏற்ற இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை முந்தைய ஓராண்டின் வர்க்கங்களே விளக்கின. ஒற்றைக் காலாண்டோடு அவர் நிறுத்தியிருந்தால் அது கண்ணில் படாமலே போயிருக்கும். அதனால் காலாண்டுத் தரவுக்குக் குறைந்தது நான்கு, மாதத் தரவுக்குப் பன்னிரண்டு என்று பார்த்துவிடுவது நல்லது.

ஏமாறும் இடங்களும் உண்டு. முதல் சமன்பாடே பிழையாக இருந்து, எச்சங்களுக்குள் ஒட்டுறவு மிஞ்சியிருந்தால், அதை வர்க்கமாக்கும்போதும் ஒட்டுறவு வரும். சோதனை அதையும் ஆர்ச் என்றே காட்டும். ஆகவே எச்சங்களின் ஒட்டுறவை முதலில் பார்த்துச் சரிசெய்த பிறகே வர்க்கத்துக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு நாள் கொள்கை மாறி, அன்றிலிருந்து ஏற்ற இறக்கம் நிரந்தரமாகக் கூடியிருந்தாலும் சோதனை எண் உயரும். வர்க்கங்கள் ஒட்டியிருக்கின்றன என்பது மட்டுமே சோதனையின் சேதி. ஏன் என்பதை அது சொல்லாது. வர்க்கங்களை வரைபடமாகப் போட்டால், கொத்துக் கொத்தாக எழுந்து அடங்குகிறதா, ஒரே படியாக ஏறி அங்கேயே நிற்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

சோதிக்காமலே நேராக கார்ச் மாதிரியைப் பொருத்தினால் என்ன? ஆர்ச் விளைவு இல்லாத தரவில், நேற்றைய அதிர்ச்சிக்கு உரிய கெழு பூஜ்யம். அப்போது நேற்றைய பரவற்படிக்கு உரிய கெழு என்னவாகவும் இருக்கலாம்; தரவால் அதைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் மென்பொருள் ஏதோ ஓர் எண்ணை, சில சமயம் 0.9 போன்ற பெரிய எண்ணை, தயங்காமல் அச்சிட்டுத் தரும். அது தரவு சொன்ன எண் அல்ல. சோதனை எண் அட்டவணை எல்லைக்குள் நின்றுவிட்டால், ஏற்ற இறக்க மாதிரி வேண்டாம். முதல் சமன்பாடே போதும்.