பதினான்கு முறை படித்தவர்கள்

பாடத்தைப் படித்து முடித்த கையோடு புத்தகத்தை மூடிவிட்டு ஒப்பித்துப் பார்க்கிறோம். தடங்கலில்லாமல் வருகிறது. மனதில் பதிந்துவிட்டது என்று நம்பி அடுத்த பாடத்துக்குப் போகிறோம். அந்த நம்பிக்கைதான் பிழை.

அந்தப் பதில் பெரும்பாலும் செயல்நினைவிலிருந்து வந்தது. கைபேசியில் வந்த ஓடிபி எண்ணைத் தட்டி முடிக்கும்வரை பிடித்து வைத்திருக்கிறோமே, அதே நினைவு. ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு துண்டுத் தகவல்களைத்தான் அது தாங்கும். 1959இல் பீட்டர்சன் தம்பதியர் மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லி, உடனே எண்களை மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். 18 விநாடிகளில் அந்த எழுத்துகள் பெரும்பாலும் மறந்துபோயின.

நீண்டகால நினைவுக்கு இந்த இடநெருக்கடி இல்லை. அங்கே சிக்கல் வேறு: உள்ளே இருப்பது வேண்டிய நேரத்தில் வெளியே வர வேண்டும். அந்த வழி, வந்துபோகும் ஒற்றையடிப் பாதையைப் போல, நடக்க நடக்கத்தான் தேறும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு மாணவர் குழு ஒரு சிறு கட்டுரையை ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு தடவை படித்தது. சராசரியாக ஒருவர் 14 முறை படித்திருந்தார். இன்னொரு குழு ஒரே ஒரு ஐந்து நிமிடம்தான் படித்தது. பிறகு கட்டுரையைப் பார்க்காமலே, நினைவுக்கு வந்ததை மூன்று தடவை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61. ஆனால் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் 14 முறை படித்தவர்கள்தான். திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. அந்தப் பழக்கத்தை அறிவென்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

நினைவுகூர்வதிலும் இடைவெளி முக்கியம். படித்த உடனே கேட்டால் செயல்நினைவே பதில் தந்துவிடும். நீண்டகால நினைவில் தேட வேண்டிய வேலையே எழாது. கொஞ்சம் மறந்த பிறகு தேடும்போதுதான் அந்தப் பாதையில் கால் படுகிறது.

உதாரணமாக, ஹிப்போகேம்பஸின் பணியைத் திங்களன்று படித்த மாணவி, புதன்கிழமை வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதலாம். பிறகு அடுத்த வாரம் ஒருமுறை. எழுதி முடித்ததும் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தவறான பதிலும் சேர்ந்தே ஊன்றிவிடும். தாளில் ஒன்றுமே வரவில்லையென்றால் இடைவெளி அவளுக்கு நீண்டுவிட்டது. மறுபடி படித்து, அடுத்த முறை ஒரு நாள் முன்னதாக எழுதிப் பார்க்கலாம். யோசிக்காமலே கொட்டினால், அடுத்த தடவையை இன்னும் சில நாள் தள்ளிப்போடலாம்.