பட்டி பூசுவதற்கு முன் ஒரு கடிதம்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் மனை, அதில் சித்திரையில் பால் காய்ச்சிக் குடிபோன தரைத்தள வீடு என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, தென்கிழக்கு அறையில் ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து சுவரின் மூலையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் இறங்குகிறது. அடியில் 3 மில்லிமீட்டர், மேலே போகப்போக நூலளவு. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டால், “பூச்சு வெடிப்புதான் அண்ணாச்சி, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சா தெரியாது” என்கிறார்.

அவர் சொல்வது சில விரிசல்களுக்குப் பொருந்தும். சிமென்ட் பூச்சு காயும்போது சிலந்தி வலைபோல விழும் கீறல்கள் பூச்சோடு நின்றுவிடும். தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேராகச் செங்குத்தாக விழும் கோடும் பெரும்பாலும் இரு பொருட்கள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவதுதான். சாய்வாகப் போவது, சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது, ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருப்பது, பக்கத்துக் கதவு திடீரென்று இழுக்கத் தொடங்குவது ஆகியவை சேர்ந்து வந்தால் விஷயம் வேறு. வீட்டின் ஒரு பகுதி மற்ற பகுதியைவிட ஏறியிருக்கிறது அல்லது இறங்கியிருக்கிறது. அதற்கான காரணத்தைச் சுவரில் தேடிப் பயனில்லை.

கரிசல் மண்ணில் உள்ள களிமண் தண்ணீரை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் அந்தக் காடுகளில் கை நுழையும் அளவுக்குப் பாளம் வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கோடையில் காய்ந்து சுருங்கிய மண்ணில் வானம் தோண்டி வீட்டைக் கட்டுகிறோம். மழை வந்ததும் வீட்டின் ஓரத்து மண் முதலில் நனைந்து உப்புகிறது. நடுவீட்டுக்குக் கீழே உள்ள மண் அப்படியே காய்ந்து கிடக்கிறது. மாடித் தண்ணீர்க் குழாய் அந்தத் தென்கிழக்கு மூலையில் கொட்டினால் அங்கே உப்பல் இன்னும் அதிகம். மூலை தூக்கப்படுகிறது, சுவர் கிழிகிறது.

இந்த நிலையில் வீட்டுக்காரர் எழுதவேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கட்டித் தந்த வீட்டின் தென்கிழக்கு அறைச் சுவரில், ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து சாய்வாக விரிசல் விழுந்துள்ளது. நவம்பர் 20 அன்று அடிப்பக்க அகலம் 2 மி.மீ.; டிசம்பர் 18 அன்று 3 மி.மீ. வெளிப்புறத்திலும் அதே இடத்தில் தெரிகிறது. அளவுகோல் வைத்து எடுத்த படங்களை இணைத்துள்ளேன். கட்டுவதற்கு முன் இந்த மனையில் எடுத்த மண் பரிசோதனை அறிக்கையும் அஸ்திவார வரைபடமும் இருந்தால் நகல் தரவும். விரிசல் விழுந்த மூலைக்கு வெளியே ஓரிடத்திலும், விரிசல் இல்லாத வடமேற்குப் பக்கம் ஓரிடத்திலும் 3.5 மீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, ஈரப்பதம், நீர்ம எல்லை, நெகிழ்வு எல்லை, வீக்கக் குறியீடு, வீக்க அழுத்தம் ஆகியவற்றைச் சோதிக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மண் எடுக்கும்போது நாம் இருவரும் உடனிருப்போம். முடிவு வரும்வரை விரிசலை அடைக்கவேண்டாம். 15 நாட்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

இதில் குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை, தேதியும் அளவும் மட்டுமே இருக்கின்றன. அது வேண்டுமென்றே செய்தது. காரணம் தெரியும் முன் பழி சொன்னால், பேச்சு பழியைச் சுற்றியே நின்றுவிடும்.

சோதனைகளைப் பெயர் சொல்லிக் கேட்பதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். வெறுமனே “மண் டெஸ்ட்” என்று எழுதினால், கையில் கிடைப்பது பெரும்பாலும் தாங்குதிறன் அறிக்கையாக இருக்கும். துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விட்டு, 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணும் சோதனை அது. மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அது சொல்லும். ஆனால் காய்ந்த கரிசல் கல்லைப்போல இறுகியிருக்கும். அடிகளின் எண்ணிக்கை உயர்ந்து, அறிக்கை நன்றாகவே வரும். அதே மண் நனைந்தால் உப்பி வீட்டைத் தூக்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

அதைச் சொல்வது வீக்கக் குறியீடு. மிக எளிய சோதனை. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, அளவுக் கோடிட்ட இரண்டு கண்ணாடிக் குழல்களில் போடுகிறார்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது என்பதால் அது ஒப்பீட்டுக்கு. ஒரு நாள் கழித்துப் பார்க்கும்போது மண்ணெண்ணெயில் 10 மில்லி லிட்டர் அளவு மண் படிந்திருக்கிறது, தண்ணீரில் 22 மில்லி லிட்டர் என்றால், கூடுதல் 12. பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதவீதம். இந்தியத் தர நிர்ணயப்படி 50க்குக் கீழே குறைந்த வீக்கம். 100 முதல் 200 வரை அதிக வீக்கம். நம் மனை இரண்டாவதில் விழுகிறது.

ஆனால் இதுவும் முழுச் சாட்சி அல்ல. இந்த மண் உப்பக்கூடியது என்றுதான் குழல் சொல்கிறது. இந்தச் சுவரை அதுதான் கிழித்தது என்று சொல்லவில்லை. அதற்காகத்தான் இரண்டு இடங்களில் மண் கேட்டோம். ஒரே ஆழத்தில் விரிசல் மூலையில் மண் நல்ல ஈரமாகவும் மறுபக்கம் காய்ந்தும் இருந்தால், அந்த வேறுபாடும் சாய்ந்த விரிசலும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும். எடுத்த மண்ணை அந்த இடத்திலேயே பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இடமும் ஆழமும் தேதியும் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். அரை நாள் திறந்து கிடந்த மண்ணின் ஈரப்பதம் எதற்கும் உதவாது. மண்ணியல் ஆய்வகம் உள்ள பொறியியல் கல்லூரிகளிலும் அங்கீகாரம் பெற்ற தனியார் கூடங்களிலும் சோதனை செய்யலாம்.

மண் குற்றவாளி இல்லை என்றும் முடிவு வரலாம். வீக்கக் குறியீடு குறைவாக இருந்து, விரிசல் கோடையிலும் மூடாமல் ஒரே சீராக அகன்றுகொண்டே போனால், சரியாகக் கெட்டிப்படுத்தாத நிரவல் மண்ணின்மேல் அஸ்திவாரம் நின்று இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். கரிசல் விரிசலோ பருவத்தோடு திறந்து மூடும். இதைக் கண்டுபிடிக்க, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, மாதம் ஒருமுறை அகலத்தை அளந்தால் போதும்.

கரிசல்தான் காரணம் என்றால், முதல் வேலை தண்ணீரை விலக்குவது. மாடிக் குழாயைத் திருப்பி, வீட்டைச் சுற்றி ஐந்தாறு அடி அகலத்துக்கு வெளிச்சரிவாகத் தளம் போட்டால், ஓரத்து மண் நனைந்து காய்வது வெகுவாகக் குறையும். தரைமட்ட பீம் நேரடியாக மண்ணின்மேல் உட்கார்ந்திருந்தால், அதன் அடியில் மூன்று அங்குலமாவது இடைவெளி விடப்பட்டிருக்க வேண்டியது. அஸ்திவார வரைபடம் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அசைவு தொடர்ந்தால்தான் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தும் பெரிய செலவு, அதையும் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லவேண்டும்.

கடிதத்தை ஸ்பீட் போஸ்டில், ஒப்படைத்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும் திட்டத்தில் வாங்கிய வீடு என்றால், ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறையை 30 நாட்களுக்குள் செலவின்றிச் சரிசெய்வது கட்டியவரின் கடமை. சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டியவர்களுக்கு ஒப்பந்தமும் நுகர்வோர் ஆணையமும் உண்டு. ஆணையத்துக்குப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் போகவேண்டும். எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தத் தேதிகளும் அளவுகளும்தான். பதில் வரும்வரை அந்த விரிசலில் யாரையும் பட்டி பூச விடாதீர்கள்.