தலை அசைவும் திரைக்காட்சியும்: வெப்கேமை வைத்து சிமுலேட்டரில் பார்வையைத் திருப்புதல்

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டில் லாரி ஓட்டுபவர் பக்கக் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமானால் மவுஸை நகர்த்த வேண்டும், அல்லது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். தலையைத் திருப்பினாலே காட்சியும் திரும்பும்படி செய்ய சாதாரண வெப்கேமே போதும். கேமராவில் தெரியும் முகத்தை வைத்துத் தலை எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று கணக்கிட்டு விளையாட்டுக்கு அனுப்புகிறது opentrack என்ற இலவச மென்பொருள்.

விண்டோஸ் கணினியில் அதைத் திறந்து, உள்ளீடாக neuralnet tracker, வெளியீடாக freetrack 2.0 Enhanced, வடிகட்டியாக Accela ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேமரா, திரையின் மேல்விளிம்பில் நடுவில் இருப்பது நல்லது. அடுத்து Center என்ற கட்டளைக்குக் கைக்கு எட்டும் ஒரு விசையை ஒதுக்க வேண்டும். இருக்கையில் சற்று நகர்ந்து உட்கார்ந்தாலும் "நேர் பார்வை" மாறிவிடும் என்பதால் இந்த விசை அடிக்கடி தேவைப்படும். Start அழுத்திய பிறகு விளையாட்டைத் தொடங்கலாம். இடப்பக்கம் திரும்பும்போது காட்சி வலப்பக்கம் போனால், அமைப்பில் அந்த அச்சுக்கு உரிய Invert பெட்டியைக் குறியிட்டால் சரியாகிவிடும். தொடக்கத்தில் இட-வலத் திருப்பமான Yaw, மேல்-கீழ் அசைவான Pitch இரண்டும் போதும். மற்ற அச்சுகளை நிறுத்தி வைத்தால் எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்பது எளிதில் தெரியும்.

காட்சி நடுங்கினால் பலரும் உடனே வடிகட்டியைக் கூட்டுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை. இருட்டான அறையில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியைச் சேர்க்கிறது. அதனால் நொடிக்கு 30 படம் தர வேண்டிய கேமரா 15 மட்டுமே தரக்கூடும், படமும் கலங்கும். முகத்துக்கு எதிரே, திரைக்குப் பின்னால், ஒரு விளக்கை வைத்தாலே நிலைமை பெரிதும் மாறும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. தலையை அசைக்காமல் உட்கார்ந்து, opentrack முகப்பில் மூல அளவாகக் காட்டப்படும் Yaw எண்ணைக் கவனிக்க வேண்டும். அது அரை டிகிரிக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தால் வெளிச்சம் இன்னும் போதவில்லை.

அடுத்தது உணர்திறன். திரை எதிரிலேயே இருப்பதால், தலை திரும்பினாலும் கண் திரையை விட்டு விலகக் கூடாது. சுமார் 30 டிகிரிக்கு மேல் திரும்பினால் கண்ணுக்குச் சிரமம். முகமும் கேமராவுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே சிறிய திருப்பத்தைப் பெரிதாக்கித் தர வேண்டியிருக்கிறது. Mapping சாளரத்தில் வரையும் வளைகோடு இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அது தலை அசைவோடு சேர்த்து நடுக்கத்தையும் பெரிதாக்கும். வடிகட்டிய பிறகும் 0.3 டிகிரி ஆட்டம் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடு ஐந்து மடங்கு செங்குத்தாக இருக்கும் இடத்தில் அது திரையில் ஒன்றரை டிகிரி ஆகிவிடும். கண்ணாடியில் தெரியும் கார் துள்ளுவது இதனால்தான்.

இதற்கு நல்ல தீர்வு, பார்வை நிலைத்து நிற்க வேண்டிய இடங்களில் கோட்டைத் தட்டையாக்குவது. லாரியின் பக்கக் கண்ணாடி ஏறத்தாழ 45 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். நடுவில் 5 டிகிரி வரை தலையும் காட்சியும் சமமாகத் திரும்பட்டும், சாலை ஆடாது. தலை 12 டிகிரியை எட்டும்போது காட்சி 42-க்குப் போய்விட வேண்டும். தலை 12 முதல் 18 வரை நகரும்போது காட்சி 42 முதல் 48 வரை மட்டுமே மெல்ல நகரட்டும். கண்ணாடியைப் பார்க்கும் இடம் இதுதான், இங்கே 0.3 டிகிரி ஆட்டம் 0.3-ஆகவே நிற்கும். அதன்பின் 28 டிகிரியில் 95 வரை ஏற்றினால் சந்திப்புகளில் குறுக்குச் சாலையைப் பார்க்கலாம். இந்தப் புள்ளிகளைக் கோட்டில் வைத்து, ஒவ்வொருவரும் தம் கண்ணாடி தெரியும் இடத்துக்கு ஏற்பச் சற்று நகர்த்திக்கொள்ள வேண்டும்.

வடிகட்டியைக் கடைசியில் தொட்டால் போதும். சிறு அசைவுகளை அதிகமாக அடக்கி, பெரிய திருப்பங்களை விரைவாக விடுவது Accela-வின் இயல்பு. என்றாலும் மென்மையாக்கலைக் கூட்டக்கூட தாமதமும் கூடும். தலையைச் சட்டென்று கண்ணாடிப் பக்கம் திருப்பி நிறுத்திப் பார்க்க வேண்டும். தலை நின்ற பிறகும் காட்சி மிதந்துகொண்டே வந்து சேர்ந்தால் மென்மையாக்கல் அதிகம். வந்து சேர்ந்த பிறகு நடுங்கினால் குறைவு. சிறிதாகத் திரும்பும்போது காட்சி ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு குதித்தால் Deadzone அளவைக் குறைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே அளவை மட்டும் மாற்றி, மீண்டும் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். இரவில் விளக்கு மாறினால் நடுக்கமும் மாறும் என்பதால், விளையாடும் அதே வெளிச்சத்தில் சரிசெய்த அளவுகளே நிலைக்கும்.