சாய்தளம் படத்தில் எப்போது நுழைகிறது?

புதிதாகக் கட்டவிருக்கும் ஒரு நூலகத்தின் ரெண்டர் படம் மேசைமேல் கிடக்கிறது. மாலை வெயில், நடுவில் அகலமான மூன்று படிகள், படிகளுக்கு மேலே கண்ணாடிக் கதவு. படத்தின் இடது ஓரத்தில், ஒரு மரத்துக்குப் பின்னால், பளபளக்கும் எவர்சில்வர் கம்பி கொஞ்சம் தெரிகிறது. அதுதான் சாய்தளம். கட்டடம் முழுக்கக் கருங்கல்லும் மரமும் இருக்க, அந்தக் கம்பி மட்டும் வேறு ஏதோ கட்டடத்திலிருந்து கழற்றி வந்து மாட்டியதுபோல் நிற்கிறது. கீழே ஒரு நீலச் சக்கர நாற்காலிச் சின்னமும் உண்டு.

படம் வரைந்தவரின் கை இதில் தவறவில்லை. சாய்தளம் கடைசியில் வந்தது, அவ்வளவுதான். எலிவேஷன் முடிந்து, வாடிக்கையாளர் தலையாட்டிய பிறகு, விதிமுறைக்காக அதைச் சேர்த்திருக்கிறார்கள். கல்லின் நிறத்தையும் வெளிச்சத்தையும் எவ்வளவு சரிசெய்தாலும் அந்தத் தையல் தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஒட்டுப்போட்டதுபோல் தெரியக்கூடாது என்றால் ரெண்டர் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே தரைமட்டக் கணக்கைப் போட்டாக வேண்டும்.

அந்தக் கணக்கு எளிது. இந்த நூலகத்தின் தரை, சாலை மட்டத்திலிருந்து 450 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். சாய்தளத்துக்கு வழக்கமாக அனுமதிக்கும் அதிகபட்சச் சரிவு 1:12. அதாவது ஒரு பங்கு ஏற 12 பங்கு நீளம். 450-க்கு 5.4 மீட்டர் வேண்டும். சக்கர நாற்காலி நின்று திரும்ப மேலேயும் கீழேயும் ஒன்றரை மீட்டர் சமதளம் வைத்தால் மொத்தம் 8.4 மீட்டர். வாசலுக்கு முன்னால் மூன்று படிகளை முதலில் போட்டுவிட்டால் இந்த நீளத்துக்கு இடமிருக்காது. சாய்தளம் பக்கச் சுவரோரம் ஓடி, ஜெனரேட்டர் அறைக்கு அருகே திரும்பி, பின்வாசலில் போய் முடியும்.

அதே மனையில் கேட்டிலிருந்து கதவு வரை 14 மீட்டர் இருக்கிறதென்றால் வேறு வழி பிறக்கிறது. படிகளையே எடுத்துவிட்டு, நடைபாதையை 1:24 சரிவில் உயர்த்தலாம். சரிவுக்கு 10.8 மீட்டர், கதவருகே சமதளத்துக்கு 1.5 மீட்டர், மீதி 1.7 மீட்டர் கேட்டருகே சமமாகவே கிடக்கும். 1:20-ஐவிட மென்மையான சரிவைப் பொதுவாக நடைபாதையாகவே கருதுவார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருக்கும் தாய், ஊன்றுகோல் பிடித்த பெரியவர், புத்தகக் கட்டு சுமந்து வரும் ஊழியர் என எல்லோருக்கும் வழி அது ஒன்றுதான்.

இங்கே ரெண்டர் கலைஞருக்குப் புதிதாக ஒரு சிக்கல் வரும். 1:24 சரிவு படத்தில் கண்ணுக்கே தெரியாது. கட்டடம் தரையோடு ஒட்டி நிற்பதுபோல் தோன்றும். ஏற்றம் எங்கே போயிற்று என்று பார்ப்பவர் குழம்புவார். நடைபாதையோரம் ஒரு குட்டைச் சுவர் வைத்து, அதன் மேல்விளிம்பைச் சரிவோடு ஓட விடாமல் முழுக்கச் சமமாக வைத்தால் இது தீரும். கேட்டருகே 550 மில்லிமீட்டர் உயரம் இருக்கும் சுவர், பாதை ஏற ஏறக் குறைந்து கதவருகே 100 மில்லிமீட்டராக அடங்கும். சமமான கோடும் சரியும் தரையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஏற்றம் தானாகப் புரிகிறது. கீழ்ப்பக்கம் அந்தச் சுவரில் நாலு பேர் உட்காரலாம். மேலே அதுவே சக்கரம் விளிம்பைத் தாண்டாமல் காக்கும் தடுப்பு. தரைக்குக் கண்ணாடிபோல் பாலிஷ் போட்ட கிரானைட்டைப் படத்தில் காட்டிவிடக் கூடாது. மழையில் வழுக்கும் அந்தத் தரையைத்தான் பிறகு ஒப்பந்தக்காரர் போட்டுக் கொடுப்பார். சொரசொரப்பான கல்லுக்கு வெளிச்சம் மங்கலாகத்தான் தெறிக்கும்; படத்திலும் அப்படியே இருக்க வேண்டும்.

‘இயல்பாக’ என்பதை ‘தெரியாமல்’ என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. கனடாவின் வான்கூவர் நகரில், ஆர்தர் எரிக்சன் வடிவமைத்த ராப்சன் சதுக்கத்தில், அகலமான படிக்கட்டுக்குள்ளேயே சாய்தளம் குறுக்கும் நெடுக்குமாக ஏறிப்போகும். படமாகப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. எனினும் படியும் சரிவும் ஒரே நிறம். படி எங்கே முடிகிறது, சரிவு எங்கே தொடங்குகிறது என்று பார்வை குறைந்தவர்களால் பிரித்தறிய முடிவதில்லை. பிடித்துக்கொள்ளச் சரிவில் கம்பியும் இல்லை என்று மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இதற்கு நேர்மாறானது அமெரிக்காவின் பெர்க்லியில் 2010-இல் திறக்கப்பட்ட எட் ராபர்ட்ஸ் வளாகம். அங்கே நுழைந்ததும் கூடத்தின் நடுவில் பெரிய சிவப்புச் சாய்தளம் சுருளாக மாடிக்கு ஏறுகிறது. அது எதற்குப் பின்னாலும் ஒளியவில்லை. கட்டடத்தின் முகமே அதுதான். அதைப் பார்த்துப் பின்னால் சேர்த்தது என்று யாரும் சொல்ல முடியாது.

கைப்பிடிக் கம்பிக்கும் இதே நியாயம்தான். கதவின் பிடி, குழாய், ஜன்னல் சட்டம் ஆகியவை என்ன உலோகமோ, என்ன நிறமோ, கம்பியும் அதுவாகவே இருக்கட்டும். சுவரிலிருந்து மட்டும் அது நிறத்தில் பிரிந்து தெரிய வேண்டும். கழிப்பறையில் கம்பியின் உயரத்தை ஓடுகளின் இணைப்புக் கோட்டோடு சேர்த்து வைத்தால் அறையின் ஒழுங்கிலேயே அது அமர்ந்துவிடும். நெருங்கிப் பார்த்தால் பல ரெண்டர்களில் அகப்படும் தவறு ஒன்று உண்டு. கம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், விரல் நுழையவே இடமிருக்காது. ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால்தான் கை சுற்றிப் பிடிக்கும். அந்த இடைவெளி படத்தில் ஒரு மெல்லிய நிழலாக விழும். நிழல் இல்லையென்றால் கம்பி பொய்.

கதவு இன்னும் ஏமாற்றும். 900 மில்லிமீட்டர் கதவு என்று நம் ஊரில் சொன்னால் பெரும்பாலும் அது நிலையின் வெளி அளவு. இருபுறச் சட்டமும் திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக, உண்மையில் நுழையக் கிடைப்பது 750-ஐ ஒட்டித்தான். தடையில்லாத 900 கிடைக்க நிலை 1,050-க்கு மேல் வேண்டும். அவ்வளவு அகலக் கதவைச் சாதாரண உயரத்தில் வரைந்தால் சப்பையாகத் தெரியும். உயரத்தை 2.4 மீட்டராக்கி, பக்கத்தில் நிலையான கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சேர்த்தால் அளவு பொருந்திவிடும். கைப்பிடி இருக்கும் பக்கத்தில், கதவை இழுத்துத் திறக்கும் புறம், சுமார் 450 மில்லிமீட்டர் சுவரைக் காலியாக விட வேண்டும். சக்கர நாற்காலியை அங்கே ஒதுக்கித்தான் கதவை இழுக்க முடியும். அழகுக்காகப் பூந்தொட்டி வைக்க எல்லோருக்கும் கை போகும் இடமும் சரியாக அதுவேதான்.

படத்தை ஒப்படைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வழக்கமாக ரெண்டர் கேமரா 1.6 மீட்டர் உயரத்தில், நிற்பவரின் கண்மட்டத்தில் இருக்கும். அதை 1.15 மீட்டருக்கு இறக்கி, கேட்டிலிருந்து கடைசிப் புத்தக அலமாரி வரை மாதிரிக்குள் நகர்த்திப் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் ஹண்டர்ஸ் பாயின்ட் நூலகம் 2019-இல் திறந்தபோது உலகமே அதன் படங்களைக் கொண்டாடியது. ஸ்டீவன் ஹால் வடிவமைத்த அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது, அகலமான வாசல் இருந்தது. ஆனால் புனைகதை நூல்கள் அடுக்கியிருந்த மூன்று தட்டுகளுக்குப் படி வழியாக மட்டுமே போக முடிந்தது. அதே ஆண்டு வழக்கு வந்தது. அந்த நூல்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 1.15 மீட்டரில் இறக்கிய கேமரா அந்த முதல் படியிலேயே நின்றிருக்கும்.